கர்ப்பிணி நர்ஸுக்கு நைட் டியூட்டி: மேலாளருக்கு அறிக்கை எழுதும் முறை

தண்டையார்பேட்டைப் பக்கம் நான் வாரம் இரண்டு நாள் போகும் தனியார் மருத்துவமனையில், நர்சிங் சூப்பரின்டென்டன்ட் மேடத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒரே வரிதான். 'இந்த ஸ்டாஃப் நர்ஸ் கர்ப்பமாக இருக்கிறார். நைட் டியூட்டிக்குத் தகுதியா இல்லையா என்று சான்று தரவும்.' தொழில்நலப் பணிக்குப் புதிதாக வரும் மருத்துவர்களும் நர்ஸ்களும் முதலில் தடுமாறுவது இந்த வரியில்தான். 'தகுதி' என்று எழுதினால் அந்தப் பெண் ஆறு இரவு தொடர்ந்து நிற்பார். 'தகுதியில்லை' என்று எழுதினால், சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னாலும் சொல்லிவிடுவார்கள். இரண்டுமே தப்பான பதில்.

ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். 'இரவுப் பணி தவிர்க்கவும், லைட் டியூட்டி தரவும்' என்று ஒரு வரி. அது வேறொரு நர்ஸ். அவரை ஓபி ஊசி அறைக்கு மாற்றினார்கள். காலை ஏழிலிருந்து இரண்டு வரை நின்றபடியே ஊசி போடும் வேலை. வார்டிலாவது சிஸ்டர் ஸ்டேஷனில் நாற்காலி இருந்தது. மூன்றாவது வாரம் கால் வீங்கி வந்து நின்றார். மேலாளர் மேல் தப்பில்லை. லைட் டியூட்டி என்றால் என்ன என்று நான் எழுதியிருக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வார்த்தையை என் அறிக்கையில் சேர்ப்பதில்லை.

இந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் டியூட்டி ரோஸ்டர் போடப் போகிறார். ரோஸ்டரில் ஒரு கட்டமாகவோ நேரமாகவோ எண்ணாகவோ மாற முடியாத வாக்கியம் அவருக்குப் பயன்படாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் படிகள் தானாகப் புரியும்.

முதல் படி: கேள்வியைத் திருத்தி வாங்குங்கள்

ஒரு வரிக் கடிதத்துக்கு ஒரு வரிப் பதில் எழுதாமல் போனை எடுத்துப் பேசுங்கள். நான் மேடத்திடம் கேட்டது இதுதான்: இப்போது அவருக்கு ரோஸ்டர் எப்படி ஓடுகிறது, எந்த வார்டு, இரவில் எத்தனை பேர், நீங்கள் கவனித்த சிரமம் ஏதாவது உண்டா, எந்த மாற்றம் உங்களால் செய்ய முடியும், எது முடியவே முடியாது. பத்து நிமிடப் பேச்சில் கேள்வி உருமாறிவிட்டது. அவர் திருத்தி அனுப்பிய கடிதத்தில் நான்கு கேள்விகள் இருந்தன. வேலை செய்ய முடியுமா? இரவுப் பணியில் என்ன மாற்றம் வேண்டும்? வார்டு வேலையில் எதை நிறுத்த வேண்டும்? இது எதுவரை?

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தேதியில்லாத அறிக்கை சீக்கிரம் செத்துவிடும். இரண்டு மாதம் கழித்து 'அது பழைய லெட்டர்தானே' என்பார்கள்.

இரண்டாம் படி: அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்

அந்த நர்ஸை மலர் என்று வைத்துக்கொள்வோம். வயது 27, கத்திவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருபவர். ஆண்கள் மெடிக்கல் வார்டு, 32 படுக்கை. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை, ஆறு இரவு தொடர்ச்சி, ஒரு நாள் நைட் ஆஃப், பிறகு ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறுபடி இரவு. நான் பார்த்த அன்று ஏப்ரல் 21. அவருக்கு 14 வாரம். எதிர்பார்க்கும் பிரசவத் தேதி அக்டோபர் 20.

இது கர்ப்பப் பரிசோதனை இல்லை. அதற்கு அவருடைய மகப்பேறு மருத்துவர் இருக்கிறார். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் வேலை உங்களுடையதல்ல. வேலை உடம்பை என்ன செய்கிறது, உடம்பு வேலையை என்ன செய்கிறது என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். பேச ஆரம்பிக்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: 'நீங்க சொல்றதெல்லாம் மேடத்துக்குப் போகாது. ரிப்போர்ட்டை முதல்ல உங்ககிட்டதான் காட்டுவேன்.' இதைச் சொல்லாத வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

'எப்படித் தூங்குகிறீர்கள்' என்று பொதுவாகக் கேட்டால் 'பரவால்ல டாக்டர்' என்றுதான் பதில் வரும். கடைசி நைட் டியூட்டி முடிந்த நாளை மணிக்கணக்காகச் சொல்லச் சொல்லுங்கள். மலர் சொன்னது இப்படி இருந்தது. எட்டு மணிக்கு ஹேண்டோவர் என்றாலும் கிளம்புவதற்கு எட்டே முக்கால் ஆகிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர். வீட்டுக்குப் போனால் ஒன்பதரை. படுத்ததும் பத்து மணிக்குத் தண்ணி லாரி வரும், குடம் தூக்க எழுந்திருக்க வேண்டும். மறுபடி படுத்தால் மதியம் வரை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சித்திரை வெயில். மொத்தத் தூக்கம் மூன்றரை மணி நேரம், அதுவும் இரண்டு துண்டாக. நான்காவது இரவில் விடியற்காலை மூன்று மணிக்கு மருந்து டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தலை சுற்றியிருக்கிறது. லாரிகளுக்குப் பக்கத்தில் ஒரு தரம் கண் சொக்கியிருக்கிறது. அதைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது.

பிறகு அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் அறிக்கையில் வரவே கூடாதவை. ஒன்று, முதல் கர்ப்பம் ஒன்பதாவது வாரத்தில் கலைந்துவிட்டது. இரண்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.6. இவை என் தீர்மானத்தைப் பாதிக்கும், ஆனால் மேலாளருக்குத் தேவையில்லாதவை. அப்புறம், கிளம்பும்போது கதவருகில் நின்று கேட்டார்: 'நைட் அலவன்ஸ் போயிடுமா டாக்டர்? வூட்டு வாடகையே அதுலதான்...' இந்தக் கேள்வி வராத சந்திப்பு எனக்கு நினைவில்லை. இதை நீங்களே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். பணத்துக்குப் பயந்து சிரமத்தைக் குறைத்துச் சொல்பவர்கள் அதிகம்.

மூன்றாம் படி: வார்டை ஒரு இரவு போய்ப் பாருங்கள்

பகலில் போய்ப் பார்த்தால் பயனில்லை. நான் இரவு இரண்டு மணிக்குப் போய் ஐந்து வரை இருந்தேன். 32 படுக்கைக்கு இரண்டு நர்ஸ், ஒரு வார்டு பாய். வார்டு பாயை எமர்ஜென்சியில் கூப்பிட்டுக்கொண்டால் நோயாளியைப் புரட்டிப் போடுவது நர்ஸ் வேலையாகிவிடுகிறது. குடியை நிறுத்தி வந்து சேர்ந்தவர் ஒருவர் கட்டிலை விட்டு இறங்கித் திமிறிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்தவர் மலரின் ஜோடி நர்ஸ், ஒரு உதை வாங்கினார். வயிற்றில் பட்டிருந்தால்? இது எந்தப் பணி விவரப் பட்டியலிலும் இல்லை. ஓய்வு நேரம் என்று ரோஸ்டரில் அரை மணி இருக்கிறது, ஆனால் ஓய்வெடுக்க ஆள் மாற்றிவிட யாருமில்லை.

எக்ஸ்-ரே, புற்றுநோய் மருந்து, காசநோய் போன்ற மற்ற ஆபத்துகளையும் இங்கேயே சரிபார்த்துவிடுங்கள். இந்த வார்டில் புற்றுநோய் மருந்து கலப்பதில்லை. நகரும் எக்ஸ்-ரே வரும்போது வெளியே போய்விடச் சொன்னால் போதும். சளிப் பரிசோதனை முடிவு வராத இருமல் நோயாளிகளை ஜோடி நர்ஸ் பார்க்கட்டும் என்று குறித்துக்கொண்டேன்.

நான்காம் படி: எதை வைத்து முடிவெடுப்பது

இரவுப் பணி கர்ப்பத்துக்கு ஆகாது என்று மொட்டையாகச் சொல்லக் கூடாது. ஆய்வுகள் சொல்வது அதைவிட நுணுக்கமானது. 2019-ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று, 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் சம்பளப் பதிவிலிருந்தே இரவுப் பணிகளை எண்ணிப் பார்த்தது. பெரும்பாலோர் மருத்துவமனை ஊழியர்கள். எட்டாவது வாரத்துக்குப் பிறகு, ஒரே வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ இரவுப் பணி செய்தவர்களுக்கு, அடுத்த வாரம் கரு கலையும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருந்தது. அந்தக் கட்டத்தில் கரு கலைவதே அபூர்வம் என்பதால், மூன்றில் ஒரு பங்கு கூடினாலும் எண்ணிக்கை சிறியதுதான். இதை நர்ஸுக்குச் சொல்லும்போது இரண்டாவது பாதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பயத்திலேயே தூக்கம் போய்விடும். தொடர்ச்சியான இரவுகள், ஷிஃப்டுகளுக்கு இடையே குறைந்த இடைவெளி ஆகியவற்றுக்கும் கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு தெரிகிறது என்றும் டென்மார்க் ஆய்வுகள் சொல்கின்றன. அங்கே கர்ப்பிணிக்கு வாரம் ஒரு இரவுக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைக்கிறார்கள்.

ஆக, கேள்வி இரவா பகலா என்பது மட்டுமல்ல. வாரத்துக்கு எத்தனை, அடுத்தடுத்தா, நடுவில் எத்தனை மணி நேரம் என்பதுதான் நாம் எழுத வேண்டியது.

இனி சட்டம். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு பயன்கள் சட்டத்தின் நான்காவது பிரிவு, கடினமான வேலை, நெடுநேரம் நிற்கும் வேலை, கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய வேலை ஆகியவற்றைக் கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் தரக் கூடாது என்கிறது. ஆனால் அது பொருந்தும் காலம் குறுகியது: பிரசவத் தேதிக்கு ஆறு வாரம் முன்புள்ள ஒரு மாதம், பிறகு அந்த ஆறு வாரத்தில் விடுப்பு எடுக்காமல் வேலை செய்யும் நாட்கள். மலருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அக்டோபர் 20-க்கு ஆறு வாரம் முன்பு செப்டம்பர் 8. அதற்கு ஒரு மாதம் முன்பு ஆகஸ்ட் 8. அப்போது அவருக்கு ஏறக்குறைய 30 வாரம் ஆகியிருக்கும். 26 வார விடுப்பில் பிரசவத்துக்கு முன் எட்டு வாரம் வரை எடுக்கலாம் என்பதால், ஆகஸ்ட் 25 முதல் அவர் விடுப்பிலேயே போகலாம். ஏப்ரல் 21 முதல் ஆகஸ்ட் 8 வரை மூன்றரை மாதம் இந்தப் பிரிவு பேசுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது உங்கள் அறிக்கைதான். அதனால் 'சட்டப்படி' என்று மிரட்டி எழுதாதீர்கள். விவரம் தெரிந்த மனிதவள அதிகாரி முதல் வாரத்திலேயே மடக்கிவிடுவார். மருத்துவக் காரணத்தைச் சொல்லி எழுதுங்கள். இந்தச் சட்டத்தின் விதிகள் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020-க்குள் வந்திருப்பதால், பிரிவு எண்ணை எழுதுவதாக இருந்தால் மனிதவளப் பிரிவில் ஒரு தரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: எழுதுவது

முதல் வரி, வேலை செய்ய முடியுமா என்பதற்கு நேரான பதில். மலருக்காக நான் அனுப்பியது இது. ஒரு பக்கம்கூட வரவில்லை.

'செவிலியர் மலர் தம் பணியைத் தொடரத் தகுதியானவர், கீழ்க்கண்ட மாற்றங்களுடன். இந்த மாற்றங்கள் ஏப்ரல் 23 முதல் ஜூன் 2 வரை பொருந்தும். ஜூன் 2 அன்று மீண்டும் பார்த்துப் புதிய அறிக்கை தருவேன்.

இரவுப் பணி ஏழு நாளில் ஒன்றுக்கு மேல் வேண்டாம். இரவுப் பணி முடிந்து குறைந்தது 24 மணி நேரம் வேறு ஷிஃப்ட் வேண்டாம். மற்ற ஷிஃப்டுகளுக்கு இடையே குறைந்தது 11 மணி நேரம் இருக்க வேண்டும். இரவுப் பணியில் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே அரை மணி நேரம் படுத்து ஓய்வெடுக்க வேண்டும்; அந்த அரை மணிக்கு வார்டைப் பார்ப்பவர் பெயர் ரோஸ்டரில் இருக்க வேண்டும். அவரை மாற்றிவிட ஆளில்லாத வாரத்தில் அந்த ஒரு இரவும் வேண்டாம்.

எந்த ஷிஃப்டிலும், தனியாக நோயாளியைத் தூக்குவது, புரட்டுவது, கீழே விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவது வேண்டாம். திமிறும் நோயாளிகளும், காசநோய் இல்லையென்று உறுதியாகாத நோயாளிகளும் அவருக்கு ஒதுக்கப்பட வேண்டாம். எக்ஸ்-ரே எடுக்கும்போது வார்டுக்கு வெளியே இருக்க வேண்டும். தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல், உட்கார்ந்து செய்யும் வேலை இடையில் வர வேண்டும். ஓபி ஊசி அறைக்கு மாற்றுவது இதைப் பூர்த்தி செய்யாது.

இரவுப் பணி முடிந்ததும் அவர் தாமாக வண்டி ஓட்டுவது பாதுகாப்பல்ல. நர்ஸ் விடுதியில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டுப் போக ஏற்பாடு வேண்டும்.

இவற்றில் செய்ய முடியாதது எது என்று ஏழு நாளுக்குள் எனக்குத் தெரிவிக்கவும். மாற்று யோசிப்போம்.'

இதில் நோய்ப் பெயர் ஒன்றுமில்லை. பழைய கருச்சிதைவும் ரத்தசோகையும் இல்லை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று சொல்லி, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகளையே தருகின்றன. மேலாளரின் ஆர்வம் அந்த விலக்குகளில் இல்லை. 'ஏன் வாரம் ஒரு இரவு, அவளுக்கு என்ன பிராப்ளம்?' என்று மேடம் கேட்கத்தான் செய்தார். 'கர்ப்பிணி யாராக இருந்தாலும் இதே எண்ணைத்தான் எழுதுவேன் மேடம்' என்றேன். உண்மையும் அதுதான். அவருடைய பழைய விவரங்கள் என்னை அந்த எண்ணில் உறுதியாக நிற்க வைத்தன, அவ்வளவே.

அலவன்ஸ் பற்றி அறிக்கையில் ஒரு சொல்லும் எழுதவில்லை. நான்காவது பிரிவின்படி லேசான வேலை கொடுத்ததற்காக வழக்கமான கூலியைக் குறைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்தக் காலம் ஆகஸ்டில்தான் தொடங்குகிறது, நைட் அலவன்ஸ் வழக்கமான கூலியா என்பதும் வாதத்துக்குரியது. தீர்ப்பு சொல்ல மருத்துவர் யார்? மலரிடம், இதை எழுத்தில் மனிதவளப் பிரிவிடம் கேளுங்கள் என்று சொன்னேன். அவர் கேட்டார். அந்த மூன்று மாதத்துக்கு மாலை ஷிஃப்டில் வந்த கூடுதல் வேலை நாட்கள் கொஞ்சம் ஈடு செய்தன, முழுதாக அல்ல.

ஆறாம் படி: அனுப்பும் முன் அவர் படிக்கட்டும்

வரைவை மலரிடம் கொடுத்தேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். நான் 'திமிறும் நோயாளிகள்' என்று எழுதிய இடத்தில் முதலில் 'ஆண் நோயாளிகள்' என்று இருந்தது. 'அப்படி எழுதினா என்னை வார்டவுட்டே எடுத்துடுவாங்க டாக்டர்' என்றார். ஆண்கள் வார்டில் வேலை செய்பவரைப் பற்றி அப்படி எழுதியது என் கவனக்குறைவு. படித்த பிறகு கையெழுத்து வாங்கினேன், தேதியுடன். அவர் அனுப்ப வேண்டாம் என்று சொன்னால் அனுப்பக் கூடாது. 'அறிக்கை அனுப்ப ஊழியர் சம்மதிக்கவில்லை' என்று மட்டும் மேலாளருக்குச் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: ரோஸ்டரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை. இரண்டு வாரம் கழித்து, அச்சடித்த ரோஸ்டரை மட்டுமல்ல, வருகைப் பதிவையும் கேளுங்கள். மலரின் ரோஸ்டர் சரியாகத்தான் இருந்தது: வாரம் ஒரு இரவு. வருகைப் பதிவில் இரண்டாவது வாரம் மூன்று இரவு. வாட்ஸப் குழுவில் 'யாராவது என் நைட்டை எடுத்துக்கறீங்களா' என்று கேட்ட சக நர்ஸ்களுக்கு அவர்தான் சரி சொல்லியிருக்கிறார். 'நான் மட்டும் நைட் பாக்கலன்னா மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க' என்றார்.

அறிக்கையின் மருத்துவப் பகுதியில் குறையில்லை. ஆறு இரவில் ஐந்து யார் தலையில் விழுகிறது என்பதை நான் யோசிக்கவில்லை. மேடத்துடன் உட்கார்ந்து பேசினோம். மலரின் ஐந்து இரவுகளை ஒரே வார்டின் மற்ற நர்ஸ்கள் மேல் போடாமல், மூன்று வார்டுகளுக்குப் பிரித்தார் அவர். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை ஷிஃப்டுகளை மலர் எடுத்துக்கொண்டார். எட்டு மணிக்கு முடியும் ஷிஃப்ட். தண்டையார்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ, அங்கிருந்து கணவர் வண்டி. அறிக்கையில் ஒரு வரி சேர்த்தேன்: 'இந்த மாற்றங்கள் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் போதும் பொருந்தும், மாற்றத்துக்கு இன்சார்ஜ் சிஸ்டர் ஒப்புதல் வேண்டும்.'

ஜூன் 2, 20 வாரம். தலைசுற்றல் இல்லை, ஆனால் வாரத்தின் அந்த ஒரே இரவுக்குப் பிறகும் தூக்கம் நான்கு மணி நேரத்தைத் தாண்டவில்லை. கத்திரி வெயில் முடிந்தும் வெக்கை குறையவில்லை. அன்று ரத்த அழுத்தம் முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. அவருடைய மகப்பேறு மருத்துவருக்கு அவர் சம்மதத்துடன் கடிதம் எழுதினேன். மேலாளருக்கான புதிய அறிக்கையில் மாறியது ஒரு எண்தான்: இரவுப் பணி, பூஜ்யம், ஜூலை 28 வரை. மற்ற வரிகள் அப்படியே. மேடம் போனில், 'இந்தத் தடவ நாலு கேள்வியெல்லாம் கேக்கல டாக்டர், ரோஸ்டர் போட்டாச்சு' என்றார்.